மெசின் மாற்றினால் 3 லட்சம் லாபமா?

"5 வருசத்துக்கு முன் 30 லட்சத்துக்கு வாங்கின உழவு மெசின். லீசிங் கட்டி முடிஞ்சுது. தேய்மானம் கழிச்சு இப்ப கணக்கில 18 லட்சம் நிக்குது. ஏஜென்ட் 21 லட்சம் கழிச்சுத் தாறாராம், புது மெசின் 52 லட்சம். மிச்சம் 31ஐ லீசிங்கில போடலாம். எனக்கு 3 லட்சம் லாபம்தானே? அதை வெளிநாடு போறதுக்கு மச்சான் கேட்கிறார். குடுக்கலாமா?" - முரசுமோட்டை வாசகர்

தம்பி, பழைய மெசின் பேச்சையே எடுக்காமல் அதே மெசினுக்கு, அதே கலப்பையோடு, கைக்காசு விலை என்னவென்று எழுத்தில் வாங்கிப் பாருங்கள். 48 லட்சம் என்று வந்தால், உங்களுக்குச் சொன்ன 52இல் 4 லட்சம் உங்களுடைய 21ஐ ஊத வைப்பதற்காக ஏற்றியது. உண்மையில் பழையதுக்குக் கிடைப்பது 17 லட்சம். கணக்கில் 18 நிற்கிறது, ஆகவே 1 லட்சம் நட்டம். புதியதையும் புத்தகத்தில் 48 என்றே எழுதுங்கள். 52 என்று எழுதினால் இல்லாத லாபம் ஒன்று முளைக்கும், பிறகு வருடாவருடம் தேய்மானமாக அதையே கழித்துக்கொண்டிருப்பீர்கள்.

"கைக்காசு விலை லீசிங்காரருக்கு இல்லை" என்று சொல்வார்கள். லீசிங் கம்பனி ஏஜென்டுக்கு முழுக்காசையும் ஒரே தரத்தில்தானே கட்டுகிறது? தவணை உங்களுக்கும் கம்பனிக்கும் இடையில். அதைக் கேட்டுப் பேரம் பேசுங்கள். எக்ஸ்சேஞ்சோடு தரும் இலவச போனைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அப்புறம் ஊரில் விலை கேளுங்கள். நல்ல ஆள் காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் புகையைப் பார்ப்பார், டயரைத் தடவுவார், பிறகுதான் விலை சொல்வார். 18½ லட்சம் கேட்டால், புதியதுக்கு நீங்கள் போடவேண்டியது 29½, ஏஜென்டிடம் 31. ஒன்றரை லட்சம் வித்தியாசம். 17க்குக் கீழே கேட்டாலோ, காலபோக உழவு தொடங்க முன் ஆள் கிடைக்காவிட்டாலோ ஏஜென்டிடமே கொடுங்கள். அப்போது மெசினின் நிலையையும் 21ஐயும் எழுத்தில் வாங்குங்கள். ஒப்படைக்கும் நாளில் டயரைக் காட்டி 50 ஆயிரம் குறைப்பது வழக்கம். நீங்களே விற்றால் பெயர் மாற்றாமல் 'ஓப்பின் பேப்பரில்' விடாதீர்கள். மெசின் எங்காவது இடித்தால் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

சரி, மச்சானின் 3 லட்சம். 21 என்று வைத்தாலும் அது காசாக உங்கள் கைக்கு வராது, புது மெசினுக்குள் போய்விடும். மச்சானுக்குக் கொடுக்க வேண்டுமானால் லீசிங் 34 ஆகும். வட்டி நூற்றுக்கு 15, 4 வருடம் என்று வைத்தால், அந்த 3 லட்சத்துக்கு மட்டும் மாதம் சுமார் 8,350 ரூபாய், மொத்தம் 4 லட்சமளவில் கட்டுவீர்கள். போன லீசிங்கை முடித்த கையோடு அடுத்ததற்குள் இறங்கும்போது அதில் வீட்டாரையும் ஏற்றிக்கொள்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயம். மச்சானிடம் மெசின் விற்ற காசு இல்லை என்று சொல்லுங்கள். பொய்யுமில்லை.