ஏறிய விலைவாசியைக் கழித்தால் சென்செக்ஸ் எப்போது மீண்டது?

கேள்வி: அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறேன். கையில் 20 லட்சம் வரும். 2008 சரிவில் விழுந்த சென்செக்ஸ் 2010-லேயே பழைய உச்சத்தைத் தொட்டிருக்கிறது. அப்படியென்றால் என்ன நடந்தாலும் மூன்று வருடம் பொறுத்தால் போதும்தானே? மொத்தத்தையும் இண்டெக்ஸ் ஃபண்டில் போடலாமா?

பதில்: போடாதீர்கள். நீங்கள் பார்த்த வரைபடம் பொய்யில்லை. ஆனால் அதிலுள்ள 2010-ம் ஆண்டு ரூபாயும் 2008-ம் ஆண்டு ரூபாயும் ஒன்றல்ல.

2008 ஜனவரி 8 அன்று சென்செக்ஸ் 20,873-ல் முடிந்தது. தொழிலாளர் பணியகம் வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் அந்த மாதம் 134. 2010 நவம்பர் 5 அன்று சென்செக்ஸ் 21,005, விலைக் குறியீட்டெண் 182. 21,005-ஐ 134-ஆல் பெருக்கி 182-ஆல் வகுத்தால் 15,465 வருகிறது. அதாவது உச்சத்தில் 10 லட்சம் போட்டவரின் கணக்கில் மறுபடி 10 லட்சம் இருந்தது. அதைக் கொண்டு 2008-ல் 7.4 லட்சத்துக்கு வாங்கியிருக்கக்கூடிய பொருள்களைத்தான் வாங்க முடிந்தது.

2009 மார்ச்சில் தொட்ட அடிமட்டத்தை இந்தக் கணக்கு அதிகம் மாற்றவில்லை. 61 சதவீத வீழ்ச்சி 65 ஆகிறது, அவ்வளவுதான். சரிவு வேகமாக நடந்ததால் விலைவாசிக்கு ஏற நேரமில்லை. மாறுவது மீண்டுவர ஆன காலம். 2018 ஜனவரியில் சென்செக்ஸ் 36,283-ஐத் தொட்டபோது எல்லோரும் கொண்டாடினார்கள். 2008 ரூபாயில் அது வெறும் 16,882. மாத இறுதி அளவுகளை வைத்துப் பார்த்தால், பழைய உச்சத்தை உண்மையில் தாண்டியது 2021 ஆகஸ்டில்தான். பதின்மூன்றரை ஆண்டுகள்! முதன்முதலில் இதைக் கணக்கிட்டபோது நானே இரண்டு முறை சரிபார்த்தேன்.

சென்செக்ஸில் டிவிடெண்ட் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைச் சேர்த்த மொத்த வருவாய்க் குறியீட்டை எடுத்தால் காத்திருப்பு குறையும். ஆனால் 2010-ல் இருந்த பள்ளத்தில் இரண்டு மூன்று சதவீதப் புள்ளிகளைத்தான் அது நிரப்பியிருக்கும்.

நீங்களே வரைந்து பார்ப்பதானால் ஓர் இடத்தில் கவனம் தேவை. 2020 செப்டம்பரிலிருந்து விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 2016. அதற்குப் பிந்தைய எண்களை 2.88-ஆல் பெருக்கித்தான் பழையவற்றோடு ஒப்பிட வேண்டும். மறந்தால் அந்த மாதத்தில் கோடு திடீரென மூன்று மடங்காக எகிறும். இணையத்தில் அப்படி ஒரு வரைபடத்தைக் கண்டால் நம்பாதீர்கள்.

மாதாமாதம் எஸ்ஐபி போட்டவர்களுக்கு இந்தப் பதின்மூன்றரை ஆண்டு பொருந்தாது. அவர்கள் அடிமட்ட விலையிலும் வாங்கினார்கள். ஒரே நாளில் மொத்தமாகப் போடும் உங்களுக்குத்தான் அது பொருந்தும். அதனால் அடுத்த பத்து ஆண்டுச் செலவுக்குத் தேவையானதை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும் வங்கி வைப்பிலும் வையுங்கள். மிஞ்சுவதை மட்டும் இரண்டு மூன்று ஆண்டுகளில் பிரித்துப் பிரித்து இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றுங்கள்.