148-க்கும் 149-க்கும் நடுவே

குடியாத்தத்தில் கைலித் தறி வைத்திருக்கும் ஒருவர் சென்ற ஞாயிற்றுக்கிழமை வேலூருக்கு வந்து என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த சீட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்துக் கையால் நீவிவிட்டார். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பயிற்சி மையம் ஒன்றில் 600 பேர் எழுதிய மாதிரித் தேர்வில் 200-க்கு 148 வாங்கியிருக்கிறாள். முதல் பத்து சதவீதத்துக்குள் வருபவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்று அறிவித்திருக்கிறார்கள். தரவரிசைப் பட்டியல் அடுத்த வாரம்தான் வருமாம். இப்போதைக்குச் சீட்டில் இருப்பது இரண்டே எண்கள்: சராசரி 118, திட்ட விலக்கம் 24. மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன என்பதன் அளவுதான் திட்ட விலக்கம்.

"என் மைத்துனர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, 87 மதிப்பெண் எடுத்தாலே போதும் என்கிறார் ஐயா. பாப்பா 148 எடுத்திருக்கிறாள். பணத்தைக் கட்டாமல் இருந்துவிடலாமா?" என்று கேட்டார்.

கட்ட வேண்டிய கடைசித் தேதி புதன்கிழமை. அவசரத்தில் தவறான எண்ணை நம்பினால் இடமே போய்விடும். ஆகவே அவரை உட்காரவைத்து, கணக்கை முதலிலிருந்து போட்டுக் காட்டினேன். இதே சீட்டோடு ஆரணியிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் பெற்றோர் வருகிறார்கள். அதனால் அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

அந்த 600 பிள்ளைகளையும் கோட்டை மைதானத்தில் மதிப்பெண் வரிசைப்படி நிற்கவைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். இடது கோடியில் மிகக் குறைந்த மதிப்பெண், வலது கோடியில் மிக அதிகம். இடது கோடியிலிருந்து நடந்து வருகிறீர்கள். உங்களுக்குப் பின்னால் 540 பேர், முன்னால் 60 பேர் என்று ஆகும் இடத்தில் நின்றுவிடுங்கள். அந்த இடத்தின் மதிப்பெண்தான் நாம் தேடும் கட்-ஆஃப். முதல் பத்து சதவீதம் என்று வாயால் சொல்கிறோம். கணக்கு கேட்பதோ நமக்குப் பின்னால் எத்தனை சதவீதம் என்பதை. அது தொண்ணூறு, அதாவது 0.90.

மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி மணி வடிவில் பரவியிருந்தால், அதாவது நடுவில் கூட்டம் அதிகமாகவும் இரு பக்கமும் ஒரே சீராகக் குறைந்துகொண்டும் போனால், அதை இயல்நிலைப் பரவல் என்கிறோம். ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்து, அதற்குக் கீழே எத்தனை பங்கு பேர் என்று கேட்பது நேர்வழி. பங்கைக் கொடுத்து மதிப்பெண்ணைக் கேட்பது அதன் மறுதலை. அதைச் செய்வதுதான் நேர்மாறு இயல்நிலைச் சார்பு. எக்செல்லில் இப்படி:

```
=NORM.INV(0.9, 118, 24)
```

விடை 148.76.

கம்ப்யூட்டர் இல்லாமலும் போடலாம். 0.90 என்ற பங்குக்கு உரிய இடம், எந்த இயல்நிலைப் பரவலாக இருந்தாலும், சராசரிக்கு மேலே 1.2816 திட்ட விலக்கத் தொலைவில்தான் இருக்கும். 24-ஐ 1.2816-ஆல் பெருக்கினால் 30.76. அதை 118-உடன் கூட்டினால் அதே 148.76. அச்சிட்ட பட்டியலைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல பட்டியல்கள் நடுக்கோட்டிலிருந்துதான் பரப்பைக் கொடுக்கின்றன. அவற்றில் 0.90-ஐத் தேடினால் கிடைக்காது. இடது பாதியின் 0.50-ஐக் கழித்துவிட்டு 0.40-ஐத் தேட வேண்டும். 1.28-க்கு எதிரே 0.3997 என்று இருக்கும். அதுதான் மிக நெருக்கமானது.

அப்படியானால் மைத்துனருக்கு 87 எங்கிருந்து வந்தது? பத்து சதவீதம் என்றதும் அவர் 0.9-க்குப் பதிலாக 0.1 என்று போட்டிருக்கிறார். சார்பு எப்போதும் இடமிருந்தே எண்ணுகிறது. ஆகவே பின்னால் 60 பேர் மட்டும் இருக்கும் இடத்தை, அதாவது கடைசிப் பத்து சதவீதத்தின் எல்லையைக் கொடுத்துவிட்டது: 87.24. இந்தத் தவற்றைக் கண்டுபிடிப்பது எளிது. வகுப்பின் சராசரியே 118 என்கிறபோது, முதல் பத்து சதவீதத்தின் எல்லை அதற்குக் கீழே இருக்க வழியில்லை.

இதைவிட எனக்குப் பயம் தருவது இன்னொரு தவறு. எக்செல் முதலில் சராசரியையும் பிறகு திட்ட விலக்கத்தையும் கேட்கிறது. இந்த வசதி உள்ள சில கால்குலேட்டர்களின் திரையிலோ முதலில் திட்ட விலக்கத்தைக் குறிக்கும் σ வருகிறது, பிறகு சராசரியைக் குறிக்கும் μ. பழக்கத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டால் 175 என்று விடை வரும். 200-க்குள்தான் இருக்கிறது, சராசரிக்கு மேலேயும் இருக்கிறது. பார்ப்பவர் யாருக்கும் சந்தேகம் வராது. குழந்தை எவ்வளவோ பின்தங்கிவிட்டதாக நினைத்து வீடே சோர்ந்துபோகும். இதற்கு ஒரு சோதனை இருக்கிறது: 0.9 இருக்கும் இடத்தில் 0.5 என்று போட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பின்னால், பாதிப் பேர் முன்னால் என்பது சராசரி மதிப்பெண்ணிலேயே நடக்கும். ஆகவே விடை 118 என்று வர வேண்டும். 24 என்று வந்தால் எண்கள் இடம் மாறியிருக்கின்றன.

இனி அந்தப் பெண்ணின் விஷயம். எல்லை 148.76; அவள் எடுத்தது 148. அரை மதிப்பெண் கிடையாது என்பதால் 149-லிருந்துதான் உள்ளே. அவள் சராசரிக்கு மேலே 30 மதிப்பெண். 24-ஆல் வகுத்தால் 1.25. தேவைப்படுவது 1.28. அவளுக்கு மேலே ஏறத்தாழ 10.6 சதவீதம் பேர், அதாவது 63 பேர் அளவில் இருப்பார்கள் என்று கணக்கு சொல்கிறது. அந்த இடத்தில் ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் நான்கைந்து பேர் நிற்பார்கள் என்பதும் கணக்கில் தெரிகிறது. எனவே உண்மைப் பட்டியல் வரும்போது எல்லை ஒரு மதிப்பெண் இப்படியோ அப்படியோ நகர்ந்தால் அவள் உள்ளேயும் வரலாம், வெளியேயும் போகலாம். சலுகை நிச்சயம் என்றோ இல்லை என்றோ சொல்லும் உரிமை இந்த இரண்டு எண்களுக்கு இல்லை. புதன்கிழமைக்குள் முழுக் கட்டணத்தைக் கட்டுங்கள், பட்டியலில் பெயர் வந்தால் மீதியைத் திருப்பித் தருவோம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

மணி வடிவம் என்று நாமே எண்ணிக்கொண்டோம் என்பதையும் மறக்கக் கூடாது. அதைச் சோதிக்க மையத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: 142-க்கு மேல் எத்தனை பேர்? 142 என்பது சராசரியோடு ஒரு திட்ட விலக்கம் சேர்ந்த இடம். பரவல் இயல்நிலையாக இருந்தால் அதற்கு மேல் ஏறத்தாழ 16 சதவீதம், 600-இல் 95 பேர் இருக்க வேண்டும். 90, 100 என்று பதில் வந்தால் நம் எல்லையை நம்பலாம். 140 பேர் என்றோ 60 பேர் என்றோ சொன்னால் வடிவம் வேறு; 148.76 என்ற எண்ணுக்கு மதிப்பில்லை.

வினாத்தாள் எளிதாக இருந்தால் இது கண்ணெதிரிலேயே உடைந்துவிடும். போன ஆண்டு காட்பாடியிலிருந்து வந்த ஒரு தாய் கொண்டுவந்த சீட்டில் சராசரி 165, திட்ட விலக்கம் 30 என்று இருந்தது. கணக்குப்படி எல்லை 203.4. 200-க்கு நடந்த தேர்வில் 203 எடுப்பது எப்படி? பெரும்பாலான பிள்ளைகள் 180, 190 என்று மேல்முனையில் குவிந்து, சிலர் மட்டும் வெகு கீழே தங்கிவிட்டால் இப்படித்தான் ஆகும். அப்போது நேர்மாறு சார்பை ஓரமாக வைத்துவிட வேண்டும். எல்லோருடைய மதிப்பெண்ணும் கையில் கிடைத்தால் எந்த வடிவத்தையும் எண்ணிக்கொள்ள வேண்டியதே இல்லை. மேலிருந்து அறுபதாவது மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டால் முடிந்தது:

```
=LARGE(B2:B601, 60)
```

தறிக்காரர் கிளம்பும் முன் கேட்டார்: "அடுத்த தேர்வில் 149 எடுக்கச் சொல்லிவிடட்டுமா?" சொல்லாதீர்கள் என்றேன். 149 இந்தத் தேர்வின் எல்லை மட்டும்தான். அடுத்த தேர்வில் சராசரி 131 ஆகவும் திட்ட விலக்கம் 20 ஆகவும் அமைந்தால் எல்லை 156.6. பெண் 154 எடுத்துவிட்டு, ஆறு மதிப்பெண் ஏறிவிட்டது என்று மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வருவாள். கழித்து வகுத்துப் பார்த்தால் 23-ஐ 20-ஆல், 1.15. சென்ற தடவை 1.25 இருந்தது. மதிப்பெண் ஏறியிருக்கிறது, இடம் இறங்கியிருக்கிறது. இப்போது அவளுக்கு மேலே ஏறத்தாழ 75 பேர். ஆகவே ஒவ்வொரு தேர்வுக்கும் மதிப்பெண்ணோடு அந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்கி, இந்த வகுத்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னேன். 1.28-ஐ அது எப்போது தாண்டுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பொறியியல் கலந்தாய்வுக்கு நாம் சொல்லும் கட்-ஆஃபும் 200-க்குத்தான் என்பதால் அவர் இரண்டையும் ஒன்றாக நினைத்திருந்தார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மாற்றிக் கூட்டிய மதிப்பெண். அதை வைத்துத் தரவரிசை போட்டு இடம் கொடுக்கிறார்கள். ஒரு கல்லூரியின் கட்-ஆஃப் என்று நாம் பேசுவது, அங்கே அந்தப் பாடப்பிரிவில் கடைசியாக இடம் பிடித்த மாணவரின் மதிப்பெண். அதில் சராசரியும் இல்லை, திட்ட விலக்கமும் இல்லை. மாதிரித் தேர்வின் 148-ஐ எடுத்துக்கொண்டுபோய்ச் சென்ற ஆண்டின் கல்லூரிப் பட்டியலில் பொருத்திப் பார்க்காதீர்கள்.

சீட்டின் பின்புறத்தில் மையத்திடம் கேட்க வேண்டியதை நானே எழுதிக் கொடுத்தேன்: 142-க்கு மேல் எத்தனை பேர், 149-க்கும் அதற்கு மேலும் எத்தனை பேர், ஒரே மதிப்பெண்ணில் பலர் நின்றால் அறுபதாவது இடத்தை யாருக்குக் கொடுப்பீர்கள். அதை மறுபடியும் நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குடியாத்தம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.