தோலின் நுணுக்கம் அழியாமல் முகத்தில் உள்ள சிவப்புத் திட்டுகளைச் சரிசெய்வது எப்படி?

கேள்வி: தங்கையின் கல்யாணப் படங்களில் அவள் முகம் திட்டுத் திட்டாகச் சிவந்திருக்கிறது. ஸ்மூத் செய்தால் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது. தோல் தோலாகவே இருக்க, நிறத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா?

பதில்:

முடியும். கல்யாண ஆல்பங்களுக்கு ரீடச்சிங் செய்வதுதான் என் வேலை. முகூர்த்தப் படங்களில் இந்தப் பிரச்சினை அடிக்கடி வரும். விடியற்காலையிலேயே எழுந்து, ஹோமப் புகையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நடுவில் கொஞ்சம் அழுதும் இருப்பார்கள். மூக்கைச் சுற்றியும் கன்னத்திலும் ரத்தம் ஏறித் திட்டாகத் தெரியும்.

ஸ்மூத் செய்தால் ஏன் மெழுகாகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தோலின் துவாரங்கள், மெல்லிய கோடுகள், பூனை முடி இவையெல்லாம் நம் கண்ணுக்குத் தெரிவது வெளிச்ச வேறுபாட்டால்தான். ஒரு துவாரம் பக்கத்துத் தோலை விடச் சற்று இருட்டாக இருக்கிறது, நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சிவப்புத் திட்டு அப்படியல்ல. அது பெரும்பாலும் நிறத்தில் இருக்கும் வேறுபாடு. வழக்கமான ஸ்மூத்திங் இரண்டையும் சேர்த்துக் கலக்கிவிடுகிறது. திட்டைக் கரைக்கப் போய்த் துவாரங்களையும் கரைத்துவிடுகிறோம்.

நம் கண் வெளிச்சத்தில் உள்ள நுணுக்கத்தைக் கூர்மையாகப் பார்க்கும், நிறத்தில் உள்ள நுணுக்கத்தை அவ்வளவாகப் பார்க்காது. ஜேபெக் படங்கள் பலவற்றில் நிறத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைத்துத்தான் சேமிக்கிறார்கள், நமக்குத் தெரிவதே இல்லை. ஆகவே நிறத்தை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டால், அதை எவ்வளவு கலைத்தாலும் படம் மங்கியதாகத் தோன்றாது.

ஃபோட்டோஷாப்பில் அப்படிப் பிரிக்க Lab Color இருக்கிறது. L என்பது வெளிச்சம் மட்டும். a என்பது பச்சையிலிருந்து சிவப்பு நோக்கிப் போகும் அளவு. b என்பது நீலத்திலிருந்து மஞ்சள் நோக்கிப் போகும் அளவு. படத்தின் நகல் ஒன்றை எடுத்து, முதலில் Image > Mode > 16 Bits/Channel என மாற்றுங்கள். இல்லையென்றால் பிறகு கன்னத்தில் பட்டை பட்டையாக வரும். அப்புறம் Lab Color.

இப்போது Ctrl+3 அழுத்தினால் L மட்டும் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். துவாரங்கள் எல்லாம் அங்கே இருக்கும். Ctrl+4 அழுத்தினால் a தெரியும். அங்கே துவாரங்களைக் காணோம், சிவந்த இடங்கள் மட்டும் வெள்ளை மேகம் போல மிதக்கும். Ctrl+2 அழுத்தினால் பழையபடி முழுப் படம். இதை ஒரு முறை உங்கள் படத்திலேயே செய்து பாருங்கள். எதைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பது கண்ணாலேயே புரிந்துவிடும்.

சமீபத்தில் செய்த ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். மாநிறப் பெண். படத்தின் உயரம் 6000 பிக்சல், கன்னத்தில் இருந்த திட்டு ஏறக்குறைய 300 பிக்சல் அகலம். Info பலகையில் பார்த்தேன். திட்டைச் சுற்றியுள்ள தோலில் L 55, a 16, b 24. திட்டின் நடுவில் L 51, a 24, b 22. ஆக a-வில் 8 கூடுதல், அதுதான் சிவப்பு. L-இல் 4 குறைவு. இந்த 4-ஐ மறக்காதீர்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

லாஸ்ஸோவால் திட்டையும் அதைச் சுற்றியுள்ள நல்ல தோலையும் தாராளமாகச் சேர்த்து வளைத்தேன். உதடு, கண், மூக்குத்தி, நெற்றி என்றால் பொட்டு, வகிடு என்றால் குங்குமம், இவற்றிலிருந்து தள்ளியே நிற்க வேண்டும். குங்குமம் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டாலும் அதன் சிவப்பு நெற்றி முழுக்கப் பரவும். 20 பிக்சல் ஃபெதர் கொடுத்து, Ctrl+J அழுத்தினால் அந்தத் தோல் மட்டும் தனி லேயராக வரும். அந்த லேயரின் மோடை Color என்று வைத்தேன். இனி அதன் நிறம் மட்டும்தான் படத்தில் சேரும், வெளிச்சம் கீழே இருக்கும் அசல் லேயரிலிருந்து வரும்.

அடுத்து லேயர் பலகையில் Lock transparent pixels. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அசல் லேயரில் செலக்‌ஷன் மட்டும் போட்டு ப்ளர் செய்தால், செலக்‌ஷனுக்கு வெளியே உள்ள உதட்டின் சிவப்பும் முடியின் கருமையும் உள்ளே இழுக்கப்படும். தனி லேயரில் வெளியே ஒன்றும் இல்லாததால் அந்தக் கவலை இல்லை. பூட்டும் போட்டுவிட்டால், உள்ளே இருக்கும் நிறம் வெளியே உதட்டின் மேல் கசியவும் செய்யாது.

பிறகு Gaussian Blur. எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். ஸ்மூத்திங் பழக்கத்தில் 10, 20 என்று வைத்துப் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லையே என்று விட்டுவிடுகிறார்கள். நானும் அந்தப் படத்தில் முதலில் 70 வைத்தேன். திட்டின் நடுவில் a கிட்டத்தட்ட அப்படியே இருந்தது, ஓரம் மட்டும் கரைந்தது. திட்டின் அகலத்தில் பாதியாவது வைக்க வேண்டும். 300 பிக்சல் திட்டுக்கு 150. அப்போது a 24-இலிருந்து 19-க்கு வந்தது. லேயரின் Opacity-ஐ 80% ஆக்கியதும் 20-இல் நின்றது. 150 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். L-ஐ நாம் தொடவே இல்லை, ஒரு துவாரம் கூடப் போகாது.

ஏன் 16 வரை இறக்கவில்லை என்றால், கன்னம் நெற்றியை விடக் கொஞ்சம் சிவப்பாக இருப்பதுதான் இயல்பு. மூக்கு நுனியும் காதும் அப்படித்தான். முகம் முழுவதையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்தால், துவாரங்கள் அத்தனையும் இருந்தும் முகத்தில் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கும். கன்னத்துக்கும் நெற்றிக்கும் இடையே a-வில் 3, 4 வித்தியாசத்தை விட்டுவைக்கிறேன். இதே காரணத்தால் முகத்தை மொத்தமாக ஒரே லேயரில் எடுப்பதில்லை. இடது கன்னம், வலது கன்னம், மூக்கு, ஒவ்வொன்றும் தனி லேயர்.

இப்போது அந்த 4. நிறத்தைச் சரிசெய்தவுடன் படத்தைப் பார்த்தால் சிவப்பு போயிருக்கும், ஆனால் அந்த இடம் லேசாக அழுக்குப் படிந்தது போல இருக்கும். செய்முறை தவறிவிட்டதோ என்று தோன்றும். தவறவில்லை. ரத்தம் பச்சை ஒளியை அதிகம் உறிஞ்சுகிறது. அதனால் சிவந்த இடம் சிவப்பாக மட்டுமல்ல, கொஞ்சம் இருட்டாகவும் இருக்கிறது. நிறம் போன பிறகு அந்த இருட்டு மட்டும் மிஞ்சி நிற்கிறது.

இதற்கும் ப்ளர் கூடாது. ஒரு Curves லேயர் போட்டு, அதில் Lightness சேனலை எடுத்து, நடுப்பகுதியை லேசாக மேலே தூக்குங்கள். மாஸ்கை Ctrl+I-ஆல் கறுப்பாக்கி, பெரிய மென்மையான பிரஷ்ஷில் Flow 5% வைத்து, திட்டின் மேல் மெதுவாக வெள்ளையைத் தடவுங்கள். துவாரமும் பக்கத்துத் தோலும் சேர்ந்தே ஏறுவதால் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் அப்படியே நிற்கும். அந்தப் படத்தில் 51-ஐ 54 வரை கொண்டுவந்து நிறுத்தினேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மூக்கின் பக்கவாட்டு நிழல், கன்ன எலும்புக்குக் கீழே உள்ள நிழல் இவற்றையும் திட்டு என்று நினைத்துத் தூக்கிவிடாதீர்கள், முகம் தட்டையாகிவிடும். Ctrl+3-இல் பார்த்தால் தெரியும். நிழல் எலும்பின் வளைவோடு போகும். திட்டுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. நுணுக்கத்தை மேல் லேயரிலும் மற்றதையெல்லாம் கீழ் லேயரிலுமாகப் பிரித்து வேலை செய்யும் ஃப்ரீக்வென்சி செபரேஷன் முறையில் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். அதன் கீழ் லேயரில் நிறமும் நிழலும் ஒன்றாகவே இருக்கின்றன. திட்டைக் கலைத்தால் முகத்தின் வடிவமும் சேர்ந்து கலைகிறது. அது பயனில்லாத முறை என்று சொல்லவில்லை, ஆனால் உங்கள் பிரச்சினைக்கு Lab நேரான வழி.

வேலை செய்யும்போது படத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள், முகம் தீப்பெட்டி அளவுக்கு வரும்படி. திட்டு அந்த அளவில்தான் நன்றாகத் தெரியும். 100%-இல் வைத்துக்கொண்டே செய்தால் எப்போதும் அதிகமாகச் செய்துவிடுவோம். கடைசியில் மட்டும் 100%-க்குப் போய் உதட்டோரம், முடியோரம், கண்ணின் வெள்ளை இவற்றில் நிறம் கசிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். கழுத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முடித்தபின் லேயர்களை Flatten செய்துவிட்டு RGB-க்கு மாற்றுங்கள். லேயர்களோடு மாற்றினால் Color மோட் அங்கே வேறு கணக்கில் வேலை செய்யும், நீங்கள் பார்த்த நிறம் மாறிவிடும். பின்னால் திருத்த வேண்டி வரலாம் என்றால் லேயர்களோடு ஒரு பிரதியைத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஃபோட்டோஷாப் இல்லையென்றால் ஜிம்ப்பில் லேயரின் மோடை LCh Color என்று வைத்து இதே வேலையைச் செய்யலாம். அங்கே Lab-க்கு மாற்றாமலேயே வெளிச்சம் கீழ் லேயரிலிருந்து வரும்.

தொடங்கும் முன் பக்கத்தில் உள்ள வெள்ளை வேட்டியையோ பூவையோ பாருங்கள். அதுவும் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு என்று தெரிந்தால், உங்கள் தங்கையின் முகத்தில் இருப்பது ரத்தம் ஏறிய சிவப்பு மட்டுமல்ல, மண்டபத்து எல்.ஈ.டி. விளக்குகளின் நிறமும் கலந்திருக்கிறது. முதலில் அந்தப் பக்கம் முழுவதற்கும் நிறத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் திட்டுக்கு வர வேண்டும். வாட்ஸாப்பில் வந்த படத்தில் செய்யாதீர்கள். அதில் நிறம் ஏற்கெனவே கட்டம் கட்டமாக உடைந்திருக்கும், துவாரங்களும் பாதி போயிருக்கும். போட்டோகிராபரிடம் அசல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

கன்னத்தில் மங்கு இருந்தால் மட்டும் இந்த வழி அவ்வளவாக உதவாது. மங்கின் வேறுபாடு பெரும்பாலும் L-இல்தான் இருக்கும், a-வில் பார்த்தால் மேகமே தெரியாது. அப்போது நிற லேயரை விட்டுவிட்டு, நேராக Curves-உம் பிரஷ்ஷுமாக உட்கார வேண்டியதுதான். ஒரு படத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கும்.