அப்பாவின் போனில் ரஞ்சி ஸ்கோரும் தமிழ்ச் செய்தியும்

கேள்வி: அப்பாவுக்குப் புது ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்தேன். தமிழ்நாடு அணியின் ஸ்கோர் மட்டும் அறிவிப்பாக வரவேண்டும், செய்திகள் தமிழில் வரவேண்டும் என்கிறார். இப்போது வருவதெல்லாம் சினிமாவும் ராசிபலனும். எப்படிச் சரிசெய்வது?

உங்கள் அப்பாவும் என் அப்பாவைப் போலவே தமிழ் மட்டும் சரளமாகப் படிப்பவர், ஐபிஎல்லைவிட ரஞ்சிக் கோப்பையை மதிப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். "டிவியில் பார்க்க வேண்டியதுதானே" என்று யாராவது இங்கே எழுத வருவார்கள். ரஞ்சியில் ஒரே நேரத்தில் பல ஊர்களில் ஆட்டம் நடக்கும். அதில் சிலவற்றை மட்டுமே ஒளிபரப்புகிறார்கள். மற்ற நாட்களில் ஸ்கோர் அறிய போன்தான் வழி.

முதலில் ஸ்கோரையும் செய்தியையும் பிரித்துவிடுங்கள். செய்திச் செயலியிடம் ஸ்கோர் கேட்டால், ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து யாரோ எழுதிய கட்டுரைதான் வரும். ஸ்கோருக்குத் தனியாக ஒரு கிரிக்கெட் செயலி இருக்கட்டும். அதை நிறுவியதும் "உங்களுக்குப் பிடித்த அணிகள்" என்று இந்திய அணியையும் ஐபிஎல் அணிகளையும் வரிசையாகக் காட்டும். பெரும்பாலும் தமிழ்நாடு அந்த வரிசையில் இருக்காது. தேடல் பெட்டியில் பெயரை உள்ளிட்டு எடுக்கவேண்டும். ஐபிஎல் அணி எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால்தான் ஏப்ரல், மே மாதங்களில் போன் அமைதியாக இருக்கும்.

அடுத்து, எந்த நிகழ்வுக்கு அறிவிப்பு என்பது. இதில்தான் என் அப்பா மிகவும் நொந்துபோனார். 2024 மார்ச் மாதம், மும்பையில் ரஞ்சி அரையிறுதி. தமிழ்நாடு முதல் இன்னிங்ஸில் 146 ரன்னுக்குச் சுருண்டிருந்தது. அதன்பின் சாய் கிஷோர் விக்கெட்டுகளைச் சாய்க்கத் தொடங்கினார். அப்பாவின் போனில் விக்கெட் அறிவிப்பு மட்டும் இயங்கிக்கொண்டிருந்தது. மும்பை 106 ரன்னுக்கு 7 விக்கெட் என்று வந்ததும் எழுந்து நின்றுவிட்டார். பிறகு போன் மௌனமாகிவிட்டது. சிக்னல் போய்விட்டதா என்று என்னிடம் கேட்டார். சிக்னலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷர்துல் தாக்கூர் அடித்துக்கொண்டிருந்தார். விக்கெட் விழாதவரை விக்கெட் அறிவிப்பு வராது என்பதால், ஆட்டம் கைநழுவிப்போன அந்த நேரம் முழுவதும் அவருக்கு எதுவுமே தெரியவில்லை. ஷர்துல் 109, மும்பை 378. கடைசியில் தமிழ்நாடு இன்னிங்ஸ் மற்றும் 70 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

ஆகவே நாள்கணக்கில் நடக்கும் ஆட்டத்துக்கு விக்கெட் அறிவிப்பு மட்டும் போதாது. சதம், இன்னிங்ஸ் முடிவு, முடிந்தால் உணவு இடைவேளை, தேநீர் இடைவேளை ஸ்கோர் ஆகியவற்றையும் சேர்த்து இயக்குங்கள். இடைவேளை ஸ்கோர் தராத செயலி என்றால் அந்த ஆட்டத்தின் பக்கத்தை ஒருமுறை திறந்து, அதிலுள்ள மணிச் சின்னத்தைத் தொட்டு என்னென்ன தேர்வுகள் இருக்கின்றன என்று பாருங்கள். அணிக்கான பொது அமைப்பில் இல்லாத தேர்வுகள் சில நேரம் அங்கே கிடைக்கும். செயலி அனுப்பும் விளம்பர அறிவிப்பை நிறுத்த, அது வரும்போது அதை அழுத்திப் பிடியுங்கள். ஆண்ட்ராய்டு 8 முதல், ஒரு செயலியின் அறிவிப்புகளை வகை வகையாக அணைக்க முடியும். விளம்பரத்தை மட்டும் அணைத்துவிட்டு ஸ்கோரை விட்டுவைக்கலாம். செயலி இரண்டையும் ஒரே வகையில் போட்டிருந்தால் மட்டும் இது பலிக்காது. அப்போது வேறு செயலிக்கு மாறுவதே நல்லது.

எல்லாம் சரியாக வைத்தும் அறிவிப்பு தாமதமாக வந்தால், எப்படி வருகிறது என்று கவனியுங்கள். போனைக் கையில் எடுத்துத் திரையைத் திறந்ததும் நான்கைந்து விக்கெட் ஒரே மூச்சில் வந்து விழுந்தால், பேட்டரியை மிச்சப்படுத்தப் போனே அந்தச் செயலியைத் தூங்கவைத்திருக்கிறது. செயலியின் அமைப்புகளில் பேட்டரி பகுதிக்குப் போய் `Unrestricted` என்று மாற்றுங்கள். சில நிறுவனங்களின் போன்களில் `Autostart` என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் இயக்கவேண்டும். திரையைத் திறந்தபிறகும் ஒன்றுமே வரவில்லை என்றால், அறிவிப்பு அனுமதியே கொடுக்கப்படவில்லை. ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு செயலியும் அதைக் கேட்டுத்தான் பெறமுடியும். பெரியவர்கள் பயத்தில் `Don't allow` என்று அழுத்தியிருப்பார்கள். அதில் அவர்கள் மேல் குற்றமில்லை.

இனி செய்தி. போன் முழுவதையும் தமிழுக்கு மாற்றத் தேவையில்லை. கூகுள் நியூஸ் செயலியில் மேலே உள்ள கணக்குப் படத்தைத் தொட்டு, அமைப்புகளில் மொழியும் வட்டாரமும் என்ற இடத்தில் தமிழ், இந்தியா என்று வையுங்கள். செயலி வேண்டாம் என்றால் இந்த முகவரியை உலாவியில் திறந்து முகப்புத் திரையில் வைத்துக்கொடுங்கள்:

```
https://news.google.com/?hl=ta&gl=IN&ceid=IN:ta
```

தலைப்புகளைப் பின்தொடர்வது இந்த மாற்றத்துக்குப் பிறகு இருக்கட்டும், தேடுவதும் தமிழிலேயே இருக்கட்டும். ஆங்கிலப் பதிப்பில் இருந்துகொண்டு தேர்ந்தெடுத்தால் ஆங்கிலக் கட்டுரைகளே வந்து குவியும். தமிழில் ஒரு சிக்கல் உண்டு: ஒரே பெயரை ஒவ்வொரு நாளிதழும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறது. ரஞ்சிக் கோப்பை, ரஞ்சி கோப்பை, ரஞ்சி டிராபி என மூன்றையும் தேடிப் பார்த்து, அதிகச் செய்தி வரும் வடிவங்களைப் பின்தொடருங்கள். அஸ்வின், அஷ்வின் என்பதும் இப்படித்தான்.

ராசிபலனும் சினிமாவும் வந்தால் வெறுமனே தள்ளிவிடாதீர்கள். அந்தச் செய்தியின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, அந்தத் தளத்தின் செய்திகளையே மறைத்துவிடுங்கள். "அந்த வீரர் யார் தெரியுமா?" என்று தலைப்பில் பெயரை மறைத்து எழுதும் தளங்களை நான் தயங்காமல் மறைத்துவிடுகிறேன். படிப்பவரை இவ்வளவு அலட்சியமாக நடத்துபவர்களுக்கு என் அப்பாவின் நேரத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் பேப்பர் போடுவதை ஏஜென்ட் நிறுத்திவிட்டார், அதனால்தான் அப்பா போனுக்கு வந்தார். பையன்கள் கிடைக்கவில்லை என்றார். வாடிக்கையாகக் காசு கட்டிவந்த முதியவர்களிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். மாடியில் பேப்பர் விழும் சத்தத்துக்காக ஆறு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருந்தவர் அவர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்பா என்றாவது ஆட்டத்தைப் போனிலேயே நேரலையாகப் பார்ப்பதாக இருந்தால், அன்று அந்த ஆட்டத்தின் மணிச் சின்னத்தை மட்டும் அணைத்துவிடுங்கள். இணைய ஒளிபரப்பு மைதானத்தைவிடப் பின்தங்கித்தான் வரும். பந்துவீச்சாளர் திரையில் ஓடிவரும்போதே விக்கெட் விழுந்த செய்தி மேலே வந்து நின்றுவிடும்.