நோட்டீஸ் அடிக்கறதுக்கு முன்னாடி தெருவ எண்ணுங்க

சேலம் அழகாபுரத்துல வீட்லயே மதிய சாப்பாடு செஞ்சு குடுக்கறேன். ஒரு நாளைக்கு 25 சாப்பாடுதான் முடியும். 5,000 நோட்டீஸ் அடிச்சா விலை கம்மியாகும்னு பிரஸ்ல சொல்றாங்க. அடிக்கலாமா, எந்த ஏரியாவுல போடறது?

25 சாப்பாட்டுக்கு 5,000 நோட்டீஸா அம்மணி? பிரஸ்காரர் பொய் சொல்லல, அச்சு பிளேட்டும் மெஷின் செட்டிங்கும் 1,000 அடிச்சாலும் 5,000 அடிச்சாலும் ஒரே செலவுதான், அதனால ஒரு நோட்டீஸோட விலை குறையத்தான் செய்யும், ஆனா மிச்சம் 3,000 உங்க பரண்ல கிடந்து விலை மாத்தறப்போ பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும். 2,000 போதும்.

ஏரியாவ மேப்ப வெச்சு பார்க்காதீங்க, வண்டிய வெச்சு பாருங்க. சோறு சூடா போய்ச் சேரணும்னா பத்து நிமிஷ தூரம்தான். அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், ஸ்வர்ணபுரி, அஸ்தம்பட்டி, ஒவ்வொண்ணுக்கும் 500. அம்மாபேட்டை ஊருக்கு அந்தப் பக்கம், அங்கருந்து ஆர்டர் வந்தா உங்களுக்குத்தான் நஷ்டம்.

சைஸ் ஏ5, அதாவது ஏ4 தாள்ல பாதி. மெனு, விலை, போன் நம்பர், எத்தன மணிக்குள்ள சொல்லணும்ங்கறது, எல்லாம் பெரிய எழுத்துல ஒரே பக்கத்துல அடங்கிரும், ஃபிரிட்ஜ்லயும் ஒட்டி வெப்பாங்க. 70 ஜிஎஸ்எம் தாள கேட்ல சொருகினா துவண்டு கீழ விழுந்துரும், அதவிட கனமா கேளுங்க.

இப்போ முக்கியமான சங்கதி, இத கேக்காமத்தான் பாதிப் பேரு காச விடறாங்க. ஏ3 ஷீட்ல நாலு ஏ5 வரும். டிசைன் பண்றவர்கிட்ட அந்த நாலுலயும் ஓரத்துல க, ங, ச, ஞனு ஒவ்வொரு எழுத்து போடச் சொல்லுங்க. அதே பிளேட்டுதான், தனிச் செலவு கிடையாது, 500 ஷீட் ஓட்டி வெட்டினா நாலு கட்டா நாலு எழுத்து கைக்கு வரும், ஒரு ஏரியாவுக்கு ஒரு கட்டு. "இந்த எழுத்த சொன்னா முதல் நாள் பாயசம் ஃப்ரீ"னு கீழ போட்டுருங்க, போன் பண்றவங்க அவங்களே சொல்லுவாங்க. நீங்க ஒரு நோட்டுல கோடு போட்டுட்டே வாங்க.

அச்சும் ஆள் கூலியும் சேர்த்து 4,000 ரூபா ஆச்சுன்னு வெச்சுக்குவோம், அப்போ ஒரு கட்டுக்கு 1,000. க-வுல 8 பேரு, ங-வுல 7, ச-வுல 1, ஞ-வுல யாருமே இல்ல. எட்டுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் பார்க்காதீங்க, அது சும்மா. க-வுல ஒரு கஸ்டமருக்கு 125 ரூபா, ச-வுல 1,000 ரூபா, அதான் கணக்கு. அடுத்த தடவ முதல் ரெண்டு ஏரியாவுல மட்டும் திரும்ப போடுங்க. ஞ-வுல சுத்தமா ஒண்ணுமே வரலன்னா ஏரியா மேல பழி போடறதுக்கு முன்னாடி நோட்டீஸ் அங்க போச்சான்னு பாருங்க.

நேரம், சாயங்காலம் நாலரைக்கு மேல. காலைல போட்டா வாசல் கூட்டறப்போ குப்பையோட போயிரும். சனிக்கிழமை வேண்டாம், மறுநாள் வீட்ல கறிக்குழம்பு. நாலு ஏரியாவுலயும் ஒரே நாள்ல போட்டுட்டு 40 போன் வந்தா 25 சாப்பாட்ட வெச்சு என்ன பண்ணுவீங்க, ஏரியாவுக்கு ரெண்டு நாள் இடைவெளி விடுங்க.

தீபாவளிக்கு முந்தின வாரம் போடலாமா?

கேட்ல ஏற்கெனவே எட்டு ஜவுளிக்கடை நோட்டீஸ் தொங்கும், உங்களுது ஒம்பதாவது.

சேலம் குகை ஏரியாவுல 3,000 நோட்டீஸ் போட ஒருத்தர்கிட்ட முழு காசும் முன்னாடியே குடுத்தேன். ஒரு போன்கூட வரல. ஏமாந்துட்டேனா?

பெரும்பாலும் ஆமாங்க, மனசு கஷ்டமாத்தான் இருக்கு. என் தங்கச்சி தையல் கடைக்கு நானும் இப்படித்தான் ஒருத்தர நம்பி காச குடுத்தேன், மூணாவது வாரம் ஒரு தள்ளுவண்டில தட்டுவடை செட் வாங்கறேன், பீட்ரூட் துருவலுக்கு அடியில "பிளவுஸ் ஒரே நாளில்"னு எங்க நோட்டீஸ்!

இனிமே பாதி காசு முன்னாடி, மீதி பார்த்துட்டு. ஏரியாவுக்கு ரெண்டு தெரிஞ்ச வீட்டுல சொல்லி வெச்சு "வந்துச்சா"னு கேளுங்க, அந்த வீடு எதுன்னு போடறவருக்குத் தெரியக்கூடாது. ஒரு கட்டு மட்டும் குடுங்க, தீர்ந்தா அடுத்தது. நெருக்கமான தெருவுலகூட ஒரு ஆள் மணிக்கு நூத்தம்பது வீடு போட்டாலே பெருசு, 3,000-ஐயும் ஒரே சாயங்காலம் முடிச்சுட்டேன்னா கட்டு எங்கயோ இறங்கிருச்சுன்னு அர்த்தம்.

8,000 நோட்டீஸ் அடிச்சு போட்டும் ஆச்சு. போன் நம்பர்ல ஒரு எண் தப்பு. பிரஸ்காரர் திரும்ப அடிச்சுத் தருவாரா?

அடிக்கறதுக்கு முன்னாடி சரிபார்க்கக் குடுக்கற ப்ரூஃப்ல கையெழுத்து போட்டது யாரு? நீங்கன்னா தரமாட்டாரு. ப்ரூஃப் கைக்கு வந்ததும் அதுல இருக்கற நம்பருக்கு ஒரு கால் போட்டுப் பார்த்திருந்தா அரை நிமிஷ வேல. இப்போ அந்த தப்பு நம்பருக்கு கூப்பிட்டு, யாரோ பாவம், மன்னிப்பாவது கேளுங்க.