மூன்றாம் மாடிக்கு மட்டும் ஃபைல் சர்வர் எட்டவில்லை

கேள்வி: சிங்கப்பூர் உபியில் எங்கள் அலுவலகம் இரண்டாம் மாடியிலும் மூன்றாம் மாடியிலும் இருக்கிறது. சனிக்கிழமை மேல்மாடிக்குக் கேமரா போட வந்த கான்ட்ராக்டர், சுவிட்சில் டிரங்க்கைக் கொஞ்சம் மாற்றியதாகச் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து மூன்றாம் மாடி கணினிகளுக்கு ஃபைல் சர்வர் திறக்கவில்லை. கீழே எல்லாம் சரி. மேலே வைஃபையும் வருகிறது, பிரின்டரும் ஓடுகிறது. சர்வர் பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்று கொட்டேஷன் அனுப்பியிருக்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். கொட்டேஷனை அப்படியே ஓரமாக வையுங்கள். கீழ்மாடி ஆட்களுக்கு அதே சர்வர் திறக்கிறதே, பழுதான சர்வர் மாடி பார்த்தா பழுதாகும்?

இரண்டு மாடி சுவிட்சுகளையும் இணைக்கும் கேபிள்தான் டிரங்க். ஒரே கேபிளில் பல வீலேன்கள், அதாவது எண் போட்டுப் பிரித்த தனித்தனி வலைகள், போகின்றன. கணினிகளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று. எந்த எண்ணெல்லாம் போகலாம் என்று கேபிளின் இரு முனையிலும் ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாத எண் வாசலிலேயே நின்றுவிடும். விளக்கு பச்சையாகத்தான் எரியும், அதனால் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

உங்கள் பிரின்டர் ஓடுவதுதான் எனக்கு முக்கியமான தடயம். அது கணினிகளோடு அதே மாடியில், அதே வீலேனில் இருக்கிறது. டிரங்க்கைத் தாண்டாமலே வேலை நடக்கிறது. வைஃபை தாண்டிப் போகிறது, கணினிகளின் வீலேன் தாண்டவில்லை. ஆக, பட்டியலில் ஒன்று இருக்கிறது, இன்னொன்று காணோம்.

காணாமல் போனது எப்படி? சிஸ்கோ சுவிட்ச் என்று வைத்துக்கொள்வோம். பழைய பட்டியல் 10, 30, 40. பத்து சுவிட்சை நிர்வகிக்க, முப்பது கணினிகளுக்கு, நாற்பது வைஃபைக்கு. கேமராவுக்காக 60-ஐச் சேர்க்க வந்தவர் இப்படி அடித்திருப்பார்:

```
switchport trunk allowed vlan 40,60
```

இந்தக் கட்டளை எதையும் சேர்க்காது. இருந்த பட்டியலை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். சேர்க்க வேண்டுமென்றால் நடுவில் `add` என்ற சொல் வேண்டும். அந்த மூன்றெழுத்தை விட்டதால் முழு மாடியே நின்றுபோனதை நான் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். அனுபவசாலிகளே அவசரத்தில் விட்டுவிடுவார்கள். அது பிழை, மன்னிக்கலாம். பிழையை மறைக்க சர்வர் விற்பதை மன்னிக்க முடியாது.

முதலில் மேல்மாடியில் ஒரு கணினியில் `ipconfig` அடித்துப் பாருங்கள். சிலவற்றில் வழக்கமான முகவரியே இருக்கும், சிலவற்றில் 169.254 என்று தொடங்கும். இதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஏற்கனவே வாங்கிய முகவரியின் தவணை முடியும்வரை கணினி அதை வைத்துக்கொள்ளும். விண்டோஸ் சர்வர் முகவரி கொடுக்கும் இடங்களில் மாற்றாமல் விட்டால் அந்தத் தவணை 8 நாள். மறுபடி இயக்கிய கணினியோ, முகவரி கொடுக்கும் சர்வரும் பதில் சொல்லாமல், வெளியே போகும் வாசலான கேட்வேயும் பதில் சொல்லாமல் போனதும், தானாக 169.254-இல் ஒன்றைப் போட்டுக்கொள்ளும். அதனால் எல்லாக் கணினிகளையும் ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். இப்போது ஓடும் பிரின்டரும் அப்புறம் ஓடாது.

பிறகு சுவிட்ச் தெரிந்த ஒருவரை வைத்து, இரண்டு சுவிட்சிலும் `show interfaces trunk` பாருங்கள். `Vlans allowed on trunk` என்ற தலைப்பின் கீழ் 30 இருக்கிறதா? மேலேயும் கேமரா போட்டிருப்பதால் இரு முனையிலும் அதே வரியைத்தான் அடித்திருப்பார். ஒரு முனையை மட்டும் திருத்தினால் பலன் இல்லை. பழைய பட்டியல் நினைவில்லை என்றால் `show startup-config` பாருங்கள். அவர் சேமிக்காமல் போயிருந்தால் பழைய வரி அங்கே இருக்கும். சேமித்துவிட்டிருந்தால் மேல்மாடி சுவிட்சில் `show vlan brief` பாருங்கள், எந்த போர்ட் எந்த எண்ணில் இருக்கிறது என்று தெரியும்.

திருத்தம் இவ்வளவுதான்:

```
configure terminal
interface GigabitEthernet0/24
switchport trunk allowed vlan add 10,30
end
```

போர்ட் எண்ணை உங்கள் சுவிட்சுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மேலே ஒரு கணினி சர்வரைத் திறந்த பிறகுதான் `copy running-config startup-config` கொடுத்துச் சேமிக்க வேண்டும்.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. இரு மாடிக்கும் நடுவே இரண்டு கேபிள் போட்டு ஒன்றாகக் கட்டியிருந்தால், மேலே உள்ளபடி ஒரு போர்ட்டில் மட்டும் அடிக்கக் கூடாது. அந்தக் கட்டுக்கே `Port-channel1` போல ஒரு பெயர் இருக்கும். `interface` வரியில் அந்தப் பெயரைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் இரண்டு போர்ட்டுக்கும் மாற்றம் போய்ச் சேரும். ஒரு போர்ட்டில் மட்டும் அடித்தால் அதன் பட்டியல் மற்றதோடு பொருந்தாது, சுவிட்ச் அதைக் கட்டிலிருந்து விலக்கிவிடும். விலகிய பிறகும் மற்ற கேபிள் வேலை செய்துகொண்டிருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. மீதியிருக்கும் ஒரு கேபிள் அறும் நாளில்தான் தெரியவரும். ஆகவே முதலில் `show etherchannel summary` பாருங்கள். போர்ட்டுக்குப் பக்கத்தில் `P` இருந்தால் கட்டுக்குள் இருக்கிறது, சிறிய `s` இருந்தால் விலக்கப்பட்டிருக்கிறது. கான்ட்ராக்டர் தொட்டது போர்ட்டையா கட்டையா என்பதும் இதிலேயே புரியும்.

இன்னொன்று, 10 போய்விட்டதால் மேல்மாடி சுவிட்சுக்குக் கீழிருந்து நுழைய முடியாது. சுவிட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளோடு ஒருவர் நேரில் போக வேண்டும். மாடிக்கு மாடி கேபிள்கள் ஏறிப் போகும் ரைசர் அறையில் சுவிட்ச் இருந்தால் கட்டட நிர்வாகத்திடம் சாவி கேட்க வேண்டும். பெர்மிட் படிவம், முன்னறிவிப்பு, காப்பீட்டுத் தாள் எல்லாம் கேட்பார்கள். ஐந்து நிமிட வேலைக்கு இத்தனை நாள் காக்க வைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் விண்ணப்பத்தை இன்றே அனுப்புங்கள்.

அதே கான்ட்ராக்டர் திரும்பி வந்து, எல்லாவற்றையும் ஒரே வீலேனில் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லக்கூடும். விடாதீர்கள். காக்கி புக்கிட்டில் ஒரு சரக்கு நிறுவனத்தில் அப்படிச் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். ஃபைல் சர்வர் உடனே திறந்தது, எல்லோரும் நன்றி சொன்னார்கள். சில மாதம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது, விருந்தினர் வைஃபையில் வந்தவரின் தொலைபேசிக்குக்கூட சம்பளக் கோப்புறை கண்ணில் பட்டது.

திருத்தம் முடிந்ததும் இரு சுவிட்சின் அமைப்புகளையும் ஒரு கோப்பாக வாங்கி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகக் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்குங்கள். அது எங்கள் நிறுவனத்தின் ரகசியம், தர முடியாது என்று சொன்னால், சுவிட்சுக்குக் காசு கொடுத்தது யார் என்று கேளுங்கள். அதன் பிறகும் தராதவருக்கு மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.