காதுகுத்து போட்டோவ வெட்டி விளம்பரம் போட்டுட்டாங்க, சைட்டுக்கு லெட்டர் எப்படி எழுதறது?

கேள்வி: அண்ணா, கொழிஞ்சாம்பாறை பக்கத்துல இருந்து எழுதறேன். பொண்ணோட காதுகுத்து போட்டோவ சொந்தக்காரங்க பாக்கட்டும்னு ஒரு போட்டோ சைட்ல ஏத்தி வெச்சிருந்தேன். இப்ப அதே சைட்ல யாரோ அதுல இருந்து எங்க மாமியாரையும் பொண்ணையும் மட்டும் வெட்டியெடுத்து மூட்டுவலித் தைலத்துக்கு விளம்பரமா போட்டிருக்காங்க. ரெண்டு தடவ கம்ப்ளெயின்ட் பண்ணியும் "எங்க விதிமுறைய மீறல"ன்னு பதில் வருது. லெட்டர் எப்படி எழுதணும்?

பதில்: நீங்க அமுக்கினது படத்துக்குக் கீழ இருக்கற ரிப்போர்ட் பட்டனாத்தான் இருக்கும்னு நெனைக்கறேன். அது போய்ச் சேர்ற இடம் வேறங்க, அங்க உக்காந்து பாக்கறவங்க ஆபாசம் இருக்கா, வன்முறை இருக்கான்னுதான் முக்கியமா பாப்பாங்க, பாட்டியும் பேத்தியும் சிரிச்சுட்டு இருக்கற படத்துல அவங்களுக்கு என்ன தப்பு தெரியும், மூடிட்டு அடுத்ததுக்குப் போயிடுவாங்க. உங்களுக்கு வேண்டியது காப்பிரைட் கம்ப்ளெயின்ட். சைட் அமெரிக்கக் கம்பெனியோடதுன்னா பக்கத்தோட அடியில Copyright இல்லேன்னா DMCA-னு சின்ன எழுத்துல லிங்க் இருக்கும், கண்ணுல படலேன்னா dmca.copyright.gov-ல கம்பெனி பேரப் போட்டுத் தேடுங்க, காப்பிரைட் லெட்டர வாங்கறதுக்குன்னு அவங்க பதிஞ்சு வெச்சிருக்கற ஆளோட விவரம் கெடைக்கும்.

ஆனா லெட்டர்ல கை வெக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரியோணும். அந்தப் போட்டோவ எடுத்தது யாரு? முக்காவாசிப் பேரு கோட்டை விடற இடம் இதுதான். என் பொண்ணு, என் மாமியாரு, என் வீட்டு விசேஷம், எல்லாம் சரிதான், ஆனா படத்துல இருக்கறதுனால மட்டும் யாருக்கும் காப்பிரைட் வந்துடாது. நம்ம 1957 காப்பிரைட் சட்டத்துல போட்டோவுக்கு ஆசிரியர்ங்கறது எடுத்த ஆளுதான். அதுல ஒரு விலக்கு இருக்கு, 17-ஆவது பிரிவுல. காசு குடுத்து எடுக்கச் சொல்லியிருந்தா, வேற மாதிரி ஒப்பந்தம் எதுவும் இல்லாதவரைக்கும், எடுக்கச் சொன்னவங்கதான் முதல் உரிமையாளர். அதனால ஸ்டுடியோக்காரர வரவெச்சு எடுத்திருந்தா அந்த பில்லு, இல்லேன்னா ஜிபேல பணம் அனுப்புன ஸ்கிரீன்ஷாட், அவரு கூட வாட்ஸப்ல பேசினது, எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கோங்க, பில்லுக்குப் பின்னாடி பொடி எழுத்துல "உரிமை ஸ்டுடியோவுக்கே"ன்னு ஏதாவது போட்டிருக்கான்னும் ஒரு கண்ணு பாத்துருங்க. மச்சான் அவரு போன்ல சும்மா எடுத்ததுன்னா உரிமை மச்சானோடது, அப்ப லெட்டர் அவரு பேர்ல போகட்டும், இல்ல "என் சார்பா இவங்க கம்ப்ளெயின்ட் பண்ணலாம்"னு அவருகிட்ட கையெழுத்துப் போட்டு ஒரு பேப்பர் வாங்கிக்கோங்க.

அடுத்தது, நீங்க ஏத்தும்போது லைசென்ஸ்னு கேட்ட எடத்துல என்ன குத்தியிருக்கீங்கன்னு பாருங்க. All rights reserved-னு இருந்தா கவலையில்ல. Creative Commons-ல வியாபாரத்துக்கும், வெட்டி மாத்தறதுக்கும் தடை போடாத வகையத் தேர்ந்தெடுத்திருந்தா யாரு வேணா எடுத்துக்கலாம்னு நீங்களே சொன்ன மாதிரி ஆயிடும், இப்ப மாத்தினாலும் முன்னாடியே எடுத்தவங்களக் கட்டுப்படுத்தாது. 2007-ல அமெரிக்காவுல ஒரு சின்னப் பொண்ணோட படத்த ஆஸ்திரேலியா மொபைல் கம்பெனி ஒண்ணு விளம்பரத்துல போட்டு, கேஸு வரைக்கும் போச்சு, அந்தப் படம் இப்படி லைசென்ஸ் குடுத்து ஏத்தினதுதான். அந்த லைசென்ஸ் இருந்தா எதுவுமே பண்ண முடியாதுன்னு இல்ல, ஆனா காப்பிரைட் லெட்டர் பலிக்கறது கஷ்டம், வேற வழி பாக்கணும். உங்களுக்கு அப்படி இல்லேன்னு வெச்சு மேல சொல்றேன்.

இப்ப லெட்டர். இங்கிலீஷ்லதான் போகணும், நான் சாரத்தத் தமிழ்ல சொல்றேன்:

"கீழே சொல்ற போட்டோவுக்கு நான் காப்பிரைட் உரிமையாளர். என் மகளோட காதுகுத்து விசேஷத்துல நான் பணம் குடுத்து ஸ்டுடியோக்காரர வெச்சு எடுத்தது. ஒரிஜினல் என் அக்கவுண்ட்ல இந்த லிங்க்ல இருக்கு. இதுல இருந்து ரெண்டு பேர மட்டும் வெட்டியெடுத்து, என் அனுமதி இல்லாம, இன்ன அக்கவுண்ட்ல இந்த லிங்க்ல தைல விளம்பரமா போட்டிருக்காங்க. விளம்பரப் படத்தோட ஓரத்துல தெரியற ரெண்டு விரல், என் ஒரிஜினல்ல குழந்தைக்குக் காது குத்தற ஆசாரியோட கை. அதை எடுத்துடணும்."

அந்த ஆசாரி விரல் மாதிரி ஒரு விஷயத்த உங்க படத்துலயும் தேடிப் பிடிங்க. வெட்டின படத்துல இருந்து அசல் முழுப் படத்த யாராலயும் அப்படியே உண்டாக்க முடியாது, முழுசு உங்ககிட்ட இருக்குன்னு பாக்கறவங்களுக்கு பளிச்சுனு தெரிஞ்சுடும். போட்டோக்குள்ள தேதி கேமரா விவரம் எல்லாம் இருக்குமேன்னு நம்பி இருக்காதீங்க, நெறைய சைட்டுங்க ஏத்தும்போதே அத உருவிடும். ஸ்டுடியோக்காரர்கிட்ட பென்டிரைவ்ல ஒரிஜினல் ஃபைல வாங்கி பத்திரப்படுத்துங்க.

இதுக்குக் கீழ ரெண்டு வாக்கியம் கட்டாயம் வரணும். இந்தப் பயன்பாட்டுக்கு உரிமையாளரோ சட்டமோ அனுமதி தரலேன்னு நல்லெண்ணத்தோட நம்பறேன்னு ஒண்ணு. இதுல சொன்ன தகவல் சரியானது, உரிமையாளர் சார்பா பேச எனக்கு அதிகாரம் உண்டு, பொய்யின்னா பொய்ச் சாட்சிக் குற்றத்துக்கு உட்படறேன்னு இன்னொண்ணு. அப்புறம் முழுப்பேரு, அட்ரஸ், போன், இமெயில், கையெழுத்து, பேர டைப் பண்ணினாலே கையெழுத்துதான். இதுகள விட்டுட்டா லெட்டர் சட்டப்படி முழுமையில்லேன்னு ஓரங்கட்டிடலாம். மாமியார் அழுதது, பத்து லட்சம் நஷ்டஈடு, போலீசுக்குப் போவேன், இதெல்லாம் இந்த லெட்டர்ல வேண்டாம், பணம் கேட்டாலே அது வக்கீலுங்க டேபிளுக்குப் போய் அங்கயே கெடக்கும். குழந்தை பேரும் எழுதாதீங்க, லெட்டரோட காப்பி தைலக்காரர் கைக்கும் போக வாய்ப்பிருக்கு, இமெயில்கூட இதுக்குன்னு புதுசா ஒண்ணு தொறந்துக்கறது நல்லது.

அனுப்பறதுக்கு முன்னாடி அட்ரஸ் பாரும் தேதியும் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துருங்க. ஆர்க்கைவ் சைட்ல சேவ் பண்ணுன்னு யாராவது சொல்லுவாங்க, குழந்தை படத்துக்கு அது வேண்டாங்க, இன்னொரு காப்பி பொதுவுல போய் உக்காந்துக்கும்.

சைட் படத்த எடுத்தப்புறம், விளம்பரம் போட்ட ஆளு "என் படம்தான்"னு எதிர் நோட்டீஸ் குடுக்கலாம். குடுத்தா, நீங்க கேஸ் போட்டதாச் சொல்லலேன்னா 10-ல இருந்து 14 வேலை நாளுக்குள்ள சைட் அத திரும்பப் போடும். தைலம் விக்கறவங்க முக்காவாசி அவ்வளவு தூரம் வரமாட்டாங்க.

சைட் இந்தியக் கம்பெனின்னா 2013 காப்பிரைட் ரூல்ஸ்ல 75-ஆவது விதிப்படி எழுதணும், 36 மணி நேரத்துக்குள்ள அவங்க படத்த முடக்கணும். ஆனா அந்த லெட்டர்லயே "ஏத்தின ஆளு மேல கேஸ் போட்டு 21 நாளுக்குள்ள கோர்ட் ஆர்டர் காட்டறேன்"னு உறுதி குடுக்கணும், காட்டலேன்னா அவங்க மறுபடி தொறந்துக்கலாம். அதனால கேஸ் போடற எண்ணம் இருந்தா மட்டும் அந்தப் பக்கம் போங்க. போட்டாலும் கொச்சி பெங்களூருன்னு அலைய வேண்டாம், காப்பிரைட் சட்டம் 62-ஆவது பிரிவுப்படி நீங்க குடியிருக்கற எடத்துலயே, அதாவது பாலக்காடு ஜில்லா கோர்ட்லயே போடலாம்.

எடுத்துட்டோம்னு மெயில் வந்தா அத்தோட விட்டுடாதீங்க. பக்கம் போயிருக்கும், படம் மட்டும் அதோட நேரடி லிங்க்ல உக்காந்திருக்கும். அதனால மொதல் லெட்டர்லயே படத்து மேல ரைட் கிளிக் பண்ணி தனி டேப்ல தொறந்தா வர்ற அந்த லிங்கையும் சேத்து எழுதிடுங்க, பின்னாடி இன்காக்னிட்டோ விண்டோல ரெண்டையும் தொறந்து பாருங்க. கூகுள் தேடல்ல குட்டிப் படம் அப்பவும் வந்துட்டு இருந்தா கூகுளோட Refresh Outdated Content பக்கத்துல அந்த லிங்க்கக் குடுங்க, பொண்ணு 18 வயசுக்குக் கீழங்கறதால தேடல்ல இருந்து படத்த எடுக்கச் சொல்லித் தனியாவும் கூகுளுக்கு எழுதலாம்.